1600 கலோரியா, 1250 கலோரியா? 60 கிலோ பெண்ணுக்கு ஒரு கணக்கு

வயது 30, உயரம் 160 செ.மீ., எடை 60 கிலோ. வாரம் நான்கு நாள் வெயிட் தூக்குகிறார். 4 கிலோ கொழுப்பைக் குறைக்க வேண்டும். இவரை வைத்தே கணக்குப் போடுவோம்.

மிஃப்ளின் சூத்திரப்படி, ஓய்வில் உடல் எரிப்பது 10 × 60 + 6.25 × 160 − 5 × 30 − 161, அதாவது சுமார் 1290 கலோரி. அன்றாட நடமாட்டத்துக்கும் பயிற்சிக்கும் சேர்த்து 1.5-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 1900 வரும். இது தோராயம்தான்.

தினம் 1600 கலோரி சாப்பிடுவது ஒரு திட்டம், பற்றாக்குறை 300; 1250 சாப்பிடுவது இன்னொன்று, பற்றாக்குறை 650. இரண்டு திட்டத்திலும் புரதம் ஒன்றே: கிலோவுக்கு 2 கிராம் வீதம் 120 கிராம், அதாவது 480 கலோரி. தசையைக் காப்பது இதுவும் பயிற்சியும்தான் என்பதால், கலோரி குறைகிறதே என்று இதில் கைவைக்கக் கூடாது. 1600 திட்டத்தில் கொழுப்புக்கு 50 கிராம் ஒதுக்கினாலும் மாவுச்சத்துக்குச் சுமார் 165 கிராம் மிஞ்சும். 1250 திட்டத்தில் கொழுப்பை 45 கிராமாக்கிய பிறகும் மாவுச்சத்து 90 கிராம்தான். கனமான ஸ்குவாட் செட்டில் கடைசி இரண்டு ரெப் காணாமல் போவது பெரும்பாலும் இங்கேதான்.

வேகத்தில் 1250 ஜெயிக்கிறது. ஒரு கிலோ கொழுப்புக்கு 7700 கலோரி என்று வைத்தால், வாரம் 0.6 கிலோ இறங்கி ஏழு வாரத்தில் வேலை முடியும். 1600-இல் வாரம் 0.27 கிலோதான், பதினைந்து வாரம் ஆகும்.

ஆனால் அந்த வேகத்துக்கு விலை உண்டு. உடலில் கொழுப்பு 28 சதவீதம் என்றால் மீதி எடை 43 கிலோ. பயிற்சியில் செலவான 150 கலோரியைக் கழித்து 43-ஆல் வகுத்தால், 1250 திட்டத்தில் கிலோவுக்கு 26 கலோரிதான் உடலுக்கு எஞ்சுகிறது. 30-க்குக் கீழே நீண்ட நாள் இருந்தால் மாதவிடாய் தள்ளிப்போகவோ நிற்கவோ வாய்ப்பு அதிகம். 1600-இல் அது 34 அளவில் நிற்கிறது.

1600-இன் பலவீனம் வேறு: அது வேலை செய்கிறதா என்பதே தெரியாது. மாதவிடாய்க்கு முன் உடலில் தேங்கும் நீர் ஒரு கிலோ வரை ஏறினால், மூன்று வார இறக்கம் மறைந்துபோகும். எண்ணெயைக் கண்ணளவில் ஊற்றி 150 கலோரி தவறவிட்டால் பற்றாக்குறையில் பாதி போச்சு. 1250-இல் அதே தவறு கால்வாசியைக்கூடத் தின்னாது. (பலர் "எனக்கு மெட்டபாலிசம் மந்தம்" என்று முடிவுகட்டுவது இந்த இடத்தில்தான்.)

என் தேர்வு 1600தான், கிச்சன் தராசோடு. தினமும் காலையில் எடை பார்த்து வாரச் சராசரி எடுங்கள். மாதவிடாய் முடிந்த வாரத்தை, அடுத்த சுழற்சியின் அதே வாரத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு கிலோ அளவில் இறங்கியிருந்தால் எதையும் மாற்ற வேண்டாம். அப்படியே நின்றால் மாவுச்சத்தில் 25 கிராம் குறைத்து இன்னொரு சுழற்சி பாருங்கள்.

1250-ஐ நான்கு வாரத்துக்கு மேல் இழுக்க மாட்டேன். தூக்கும் எடை இரண்டு வாரம் தொடர்ந்து சரிந்தாலோ, மாதவிடாய் தவறினாலோ அன்றே 1600-க்குத் திரும்பிவிட வேண்டும். மாதவிடாய் தொடர்ந்து வராவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும்.