இழுவைக் கருவி: அந்தப் பட்டை மட்டும் ஒழுங்காக இருந்திருந்தால்

பெய்ரோனி நோயால் வளைந்த ஆண்குறியை மெதுவாக இழுத்து நிமிர்த்த நான் மாட்டிக்கொள்ளும் கருவியின் பக்கவாட்டுக் கம்பி ஒன்றில் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. உதிரிப் பாகம் கூரியரில் வந்து சேர்ந்தது. விலையைப் பார்த்ததும் வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. அந்தச் சமயம் பார்த்து ஜெயநகரில் இருக்கும் நண்பர் ஒருவர் தயங்கித் தயங்கிப் போன் செய்து, "உங்ககிட்ட இருக்கே, அந்த மெஷின், வாங்கலாமா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். ஒரு வருடத்துக்கு மேல் அதோடு குடும்பம் நடத்திய உரிமை எனக்கு இருக்கிறது.

பெய்ரோனி நோய் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஆண்குறிக்குள் ரத்தம் நிரம்பும் குழல்களைச் சுற்றி உறுதியான உறை ஒன்று இருக்கிறது. அதில் ஏற்படும் நுண்ணிய காயங்கள் ஆறும்போது, சிலருக்குத் தழும்பு அளவுக்கு மீறி வளர்ந்து கெட்டியாகிவிடும். விறைக்கும்போது தழும்பு உள்ள பக்கம் விரியாது, மற்ற பக்கம் விரியும். ஆகவே தழும்பு இருக்கும் பக்கமாக வளையும். ஆரம்பத்தில் வலியும் இருக்கும். இது புற்றுநோய் இல்லை, தொற்றும் இல்லை. 1743இல் இதை விவரித்து எழுதியவர் பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயியின் அறுவை மருத்துவர் லா பெய்ரோனி. ராஜ வைத்தியர் காலத்திலிருந்தே இருக்கிற வியாதி என்று தெரிந்ததில் எனக்கு ஒரு அற்ப ஆறுதல்.

எனக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, சர்க்கரையும் உண்டு. மேல்பக்கம் தொட்டால் தட்டுப்படும் ஒரு தடிப்பு, விறைத்தால் வலி, மேல்நோக்கி வளைவு. முதலில் பார்த்த மருத்துவர் வைட்டமின் ஈ மாத்திரை எழுதிக் கொடுத்து, பொறுமையாக இருங்கள் என்றார். இரண்டாவதாகப் பார்த்த யூராலஜிஸ்ட் அந்தச் சீட்டை வாங்கிப் படித்துவிட்டு ஓரமாக வைத்தார். அமெரிக்க யூராலஜி சங்கம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டியிலேயே இந்த நோய்க்கு வைட்டமின் ஈ கொடுக்க வேண்டாம் என்று இருக்கிறதாம். அப்புறம் அவர் கேட்டதுதான் எனக்கு வியப்பு: "கையைக் காட்டுங்க."

மோதிர விரலுக்கு நேராக, உள்ளங்கையில் தடித்த நார் போன்று ஏதாவது ஓடுகிறதா என்று அழுத்திப் பார்த்தார். டுபுயிட்ரன் என்ற கைத்தழும்பு நோய் இருப்பவர்களுக்குப் பெய்ரோனியும் வர வாய்ப்பு அதிகம், அது குடும்பத்திலும் வரும் என்றார். என் கையில் லேசாக இருந்தது. என் அப்பாவுக்கு அந்த விரல் கடைசிவரை மடங்கியே இருந்தது; மண்வெட்டி பிடித்து வந்தது என்றே ஊரில் எல்லோரும் நம்பினோம்.

அளவெடுப்பது சுகமான அனுபவம் இல்லை. வீட்டில் எடுக்கும் போட்டோ வளைவு எந்தத் திசையில் என்று காட்ட உதவும், ஆனால் முழு விறைப்பு இல்லாவிட்டால் கோணம் குறைவாகத் தெரியும். அதனால் மருத்துவமனையில் ஊசி போட்டு விறைக்க வைத்து, கோணமானியால் அளந்து, கூடவே டாப்ளர் ஸ்கேனில் ரத்த ஓட்டத்தையும் பார்த்தார்கள். ரத்த ஓட்டம் நன்றாக இருந்தது. கோணம் 45 டிகிரி. நான்கு மணி நேரமாகியும் விறைப்பு இறங்காவிட்டால் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்கு வந்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். நல்லவேளை, திரும்பும் வழியில் பெங்களூர் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலிலேயே இறங்கிவிட்டது.

வலியும் மாற்றமும் இருக்கிறவரை நோய் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது, அதுவரை அறுவை சிகிச்சை கிடையாது. தொடங்கி ஏறக்குறைய ஒரு வருடமாவது ஆகி, அதன் கடைசியில் சில மாதங்கள் வளைவு மாறாமல் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் நேராக்கிய பிறகு மறுபடி வளையும். அதுவரை வலிக்கு மாத்திரை, சர்க்கரைக் கட்டுப்பாடு, அப்புறம் இந்த இழுவைக் கருவி.

கருவி எளிமையானதுதான். அடியில் ஒரு வளையம், அதிலிருந்து இரண்டு ஸ்பிரிங் கம்பிகள், மேலே ஒரு தாங்கி. தாங்கியில் இருக்கும் சிலிகான் பட்டை, மொட்டுக்குக் கீழே உள்ள பள்ளத்தில் பிடித்துக்கொள்ளும். கம்பியில் சிறு துண்டுகளைத் திருகித் திருகி நீளம் கூட்டினால் இழுவை கூடும். தழும்புத் திசு மாதக்கணக்கில் மெதுவாக இழுக்கப்பட்டால் கொஞ்சம் கொஞ்சமாக மாறும் என்பது இதன் கணக்கு. கம்பி, வளையம், ஸ்பிரிங் எல்லாம் நல்ல வேலைப்பாடு. உதிரிப் பாக விலையைத் தவிர குறை சொல்ல முடியாது.

ஆனால் அந்தப் பட்டை! இதை வடிவமைத்தவர்களுக்கு முன்தோல் என்று ஒன்று இருப்பது நினைவுக்கே வரவில்லை போலிருக்கிறது. நம்மவர்களில் பெரும்பாலோருக்குச் சுன்னத் கிடையாது. தோல் முன்னால் வழுக்கிவரும், பட்டையும் அதோடு நழுவும். நழுவக் கூடாது என்று இறுக்கினால் கால்மணி நேரத்தில் மொட்டு நீலம் பாரிக்கும். இறுக்கம் குறைத்தால், அலுவலக மீட்டிங்கில் வாயைத் திறக்கும் நேரம் பார்த்து லுங்கிக்குள் 'டப்' என்று கழன்று கம்பி துள்ளும். கேமராவில் மேல்பாதி மட்டும் தெரிகிற வீட்டு வேலை இருந்ததால் தப்பித்தேன்.

பட்டையோடு போராடித் தெரிந்துகொண்டது இதுதான். குளித்துவிட்டுப் பருத்தித் துணியால் ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். பவுடர் போட்டால் இன்னும் வழுக்கும். தோலைப் பின்னால் தள்ளி, தன்மேலேயே ஒட்டிக்கொள்ளும் வகைக் கட்டுத்துணியைப் பள்ளத்தில் தளர்வாக ஒரு சுற்றுச் சுற்றி, அதன்மேல் பட்டை. அரைமணிக்கு ஒருமுறை கழற்றி, ரத்தம் ஓடவிட்டு மறுபடி மாட்டல். கழற்றியதும் முன்தோலை முன்னால் கொண்டுவந்துவிட வேண்டும். பின்னாலேயே விட்டால் வீங்கி மாட்டிக்கொள்ளும், அது தனி அவசரம். எனக்குச் சர்க்கரை இருப்பதால் மரத்துப்போவதை உணர்வை நம்பித் தெரிந்துகொள்ள முடியாது, கண்ணால் நிறத்தைப் பார்க்கச் சொன்னார் மருத்துவர். மாட்டிக்கொண்டு தூங்குவது அறவே கூடாது.

என்னிடம் இருப்பது பழைய வகை. தினமும் மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் போட வேண்டும், ஆய்வுகளில் அதற்கும் மேலே போட்டிருக்கிறார்கள். கூட்டுக் குடும்பத்தில், அம்மா எந்நேரமும் "கதவை ஏன்டா சாத்தினே?" என்று கேட்கும் வீட்டில், மூன்று மணி நேரத்தை எங்கே ஒளித்து வைப்பது? புதிய வகை ஒன்றை மேயோ கிளினிக்கில் சோதித்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். அதில் நாளுக்கு அரைமணி முதல் ஒன்றரை மணி நேரம்தான். எதிர்ப்பக்கமாக மடக்கவும் வசதி உண்டு. மூன்று மாதத்தில் வளைவு சராசரியாக 12 டிகிரிக்குச் சற்றுக் குறைவாகச் சரியானது, நீளம் ஒன்றரை சென்டிமீட்டர் கூடியது. இதைப் படித்த அன்று என்னுடையதை ஜன்னல் வழியாக எறிந்திருப்பேன், கீழே அபார்ட்மெண்ட் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். மறுபடி ஊசி போட்டு அளந்தபோது 33 டிகிரி. வலியும் போய்விட்டது, ஆனால் அதற்குக் கருவிக்கு மதிப்பெண் தர முடியாது. பெரும்பாலோருக்கு ஒரு வருடம், ஒன்றரை வருடத்துக்குள் வலி தானாகவே போய்விடும். அதிர்வலைகளைச் செலுத்தும் ஷாக்வேவ் சிகிச்சை விளம்பரங்கள் குளிர்காய்வது இந்த இடத்தில்தான்: அது வலியைக் குறைக்கலாம், வளைவை நேராக்காது. "நிமிர்த்துகிறோம்" என்று ஒரு பெரிய தொகை சொன்ன கிளினிக்கிலிருந்து எனக்கு இன்னும் போன் வருகிறது.

நான் எதிர்பார்க்காதது நீளம். இந்த நோய் நீளத்தைத் தின்னும், அதைப் பற்றி யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. அளவுகோலை மேலே எலும்பில் படும்படி அழுத்தி, இழுத்துப் பிடித்து அளப்பார்கள். எனக்குக் குறையவே இல்லை, ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் கூடியிருந்தது. மருத்துவரும் இரண்டு தடவை அளந்து பார்த்தார். இது வெறும் பெருமைக் கணக்கு இல்லை. பிற்பாடு அறுவை சிகிச்சை தேவைப்பட்டால், வழக்கமானது பிளிகேஷன்: தழும்பைத் தொடாமல், எதிர்ப்பக்கத்து நீளமான உறையில் தையல்காரர் டக் பிடிப்பதுபோல் பிடித்துத் தைத்துவிடுவார்கள். நேராகும், ஆனால் குட்டையான பக்கத்தின் அளவுக்கு வந்துவிடும். கையில் கொஞ்சம் மிச்சம் இருந்தால் நல்லதுதானே. எனக்கு இப்போதைக்கு அது வேண்டாம் என்றார் மருத்துவர். 33 டிகிரியில் உறவுக்குத் தடை இல்லை, வீட்டிலும் புகார் இல்லை.

நண்பர் விஷயம் வேறு. வளைவு ஏறக்குறைய 70 டிகிரி, நடுவில் இடுப்பு போல ஒடுங்கியும் இருக்கிறது, ஒன்றரை வருடமாக அசையவில்லை. அவ்வளவு வளைவை இந்தக் கம்பிகள் மட்டும் நிமிர்த்தப் போவதில்லை. தழும்பைக் கீறி ஒட்டுத்திசு வைத்துத் தைக்கும் சிகிச்சைதான் அங்கே பேச்சில் வரும். அதில் நீளம் காப்பாற்றப்படும், ஆனால் விறைப்பு குறையவும் உணர்வு மங்கவும் வாய்ப்பு கூடுதல். இப்போதே அவருக்கு விறைப்பு பலமில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு உள்ளே பொருத்தும் செயற்கைக் கருவியைப் பற்றியும் மருத்துவரிடம் பேச வேண்டியிருக்கும். தழும்பைக் கரைக்கப் போடும் கொலாஜினேஸ் ஊசியைப் பற்றியும் நண்பர் கேட்டார். அமெரிக்காவில் 2013இல் இந்த நோய்க்கு அனுமதி கிடைத்த மருந்து, ஐரோப்பிய சந்தையிலிருந்து 2020இல் நிறுவனமே விலக்கிக்கொண்டது. எங்கள் மருத்துவர் அதைப் பயன்படுத்துவதில்லை.

ஆகவே நண்பருக்குச் சொன்னது: வாங்காதீர்கள், முதலில் டாப்ளரும் அறுவை மருத்துவரும். மற்றவர்களுக்கு, நோய் ஆரம்பக் கட்டத்திலேயே இருந்து, வளைவு நடுத்தரமாக இருந்து, தனி அறையும் தினம் சில மணி நேரமும் இருந்தால் இதைவிடச் செலவு குறைந்த வழி எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் ஐந்துக்கு இரண்டு மதிப்பெண்தான் தருவேன். அந்தப் பட்டைக்கு ஒன்று, உதிரிப் பாக விலைக்கு ஒன்று, கதவு சாத்தியதற்கு அம்மாவிடம் பொய் சொல்ல வைத்ததற்கு ஒன்று கழித்துவிட்டேன். நண்பர் போனை வைக்கும் முன், "அப்போ உங்களுடையதைக் கொஞ்ச நாள் கொடுங்களேன்" என்றார். தர முடியாது என்று சொல்லிவிட்டேன்.