வெள்ளிக்குள் சொல்றோம்னாங்களே: மெயிலா, லிங்க்டினா, போனா?

சென்ற வருடம் ஒரு ஐடி கம்பெனியில் எனக்குக் கடைசிச் சுற்று நேர்காணல் ஒரு செவ்வாய்க்கிழமை முடிந்தது. "வெள்ளிக்குள்ள சொல்லிடுறோம்" என்றார் எச்ஆர் பெண்மணி. வெள்ளி போனது, திங்களும் போனது, ஒரு சத்தமும் இல்லை. அந்த ஒரு வாரத்தில் மூன்று வழிகளையும் முயன்று பார்த்தேன், ஒன்றில் சொதப்பவும் செய்தேன்.

முதலில் மெயில். என் ஓட்டு பெரும்பாலும் இதற்குத்தான், மரியாதைக்காக அல்ல. எச்ஆருக்கு முடிவெடுக்கும் அதிகாரம் பெரும்பாலும் கிடையாது, உங்கள் கேள்வியை மேனேஜரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அவர் வேலை. மெயில் என்றால் அப்படியே மேனேஜருக்குத் தள்ளிவிடலாம். போனில் சொன்னதை அவர் நினைவு வைத்து மறுபடி சொல்ல வேண்டும், அதில் பாதி தொலையும்.

நேர்காணல் அழைப்பு வந்த அதே மெயிலுக்கு ரிப்ளை போடுங்கள். சப்ஜெக்ட்டை மாற்றினால் ஜிமெயிலில் அது தனி உரையாடலாகப் பிரிந்துவிடும், நீங்கள் யார், எந்த வேலை என்று அவர் தேட வேண்டியிருக்கும். சொன்ன தேதிக்கு அப்புறம் ஒரு வேலை நாள் விட்டு நான் செவ்வாய் காலை அனுப்பினேன். ஆங்கிலத்தில்தான் எழுதினேன், சாரம் இது: "போன செவ்வாய் இன்ன வேலைக்கு இன்னாரோடு பேசினேன். வெள்ளிக்குள் தகவல் வரும் என்றீர்கள். இப்போது எந்த நிலையில் இருக்கிறது? என்னிடமிருந்து வேறு ஏதாவது வேண்டுமா?" அவ்வளவுதான். 'ஜென்டில் ரிமைண்டர்' என்று ஆரம்பிக்காதீர்கள், அது பில் பாக்கியை வசூலிக்க வந்தவர் குரல். அவர் 'ஹாய்' என்று பெயர் போட்டு எழுதியிருந்தால் நீங்களும் அப்படியே எழுதலாம், அங்கே போய் 'ரெஸ்பெக்டட் மேடம்' என்றால் லீவு லெட்டர் மாதிரி இருக்கும். அவர் 'டியர் மிஸ்டர்' என்று எழுதியிருந்தால், நீங்களும் ஒரு படி இறுக்கமாகவே இருங்கள்.

அடுத்தது லிங்க்டின். நான் சொதப்பிய இடம் இதுதான். மெயில் போட்ட அன்று மாலையே, நேர்காணல் எடுத்த மேனேஜருக்கும் "ரிசல்ட் என்ன ஆச்சு" என்று லிங்க்டினில் கேட்டுவிட்டேன். எச்ஆர் தலைக்கு மேல் ஏறிப் போனதாகத்தான் அது படும், பதிலும் வரவில்லை. ஏற்கெனவே தொடர்பில் இல்லாதவருக்கு பெரும்பாலும் கனெக்‌ஷன் கோரிக்கையோடு ஒரு குறிப்புத்தான் அனுப்ப முடியும், அதுவும் 300 எழுத்தைத் தாண்டாது, இலவசக் கணக்கில் இன்னும் கம்மி. அந்த இடத்தில் முடிவைக் கேட்காமல், பேசிய விஷயத்தைத் தொட்டு இரண்டு வரி எழுதலாம்: "டேட்டாபேஸ் மாற்றத்தைப் பற்றி நீங்கள் சொன்னதை யோசித்துக்கொண்டிருந்தேன், பேசியது பிடித்திருந்தது." தொனி வராந்தாவில் எதிர்ப்பட்டுப் பேசுகிற மாதிரி, வணக்கமும் கையெழுத்தும் இல்லாமல். மெயிலுக்கு மாற்றாக லிங்க்டின் உதவுவது எச்ஆர் வேலையை விட்டுப் போய் மெயில் திரும்பி வரும்போது, அல்லது முதல் தொடர்பே லிங்க்டினில் நடந்திருக்கும்போது.

போன் எப்போது? கையில் ஒரு கெடு இருக்கும்போது மட்டும். எனக்குப் புதன் காலை இன்னொரு கம்பெனி ஆஃபர் தந்து, வியாழன் மாலைக்குள் பதில் கேட்டது. மெயிலுக்காகக் காத்திருக்க நேரமில்லை. பதினொன்றரைக்கு அழைத்தேன், எடுக்கவில்லை. உடனே மறுபடி அடிக்காமல், யார், எதற்கு என்று ஒரு எஸ்எம்எஸ் போட்டேன் (தெரியாத நம்பரை இப்போதெல்லாம் யார் எடுக்கிறார்கள்?). மூன்று மணிக்கு எடுத்தார்.

பெயர், வேலை, "ரெண்டு நிமிஷம் பேசலாமா மேடம்?" என்று ஆரம்பித்தேன். அவர் ஆங்கிலத்தில் பேசும் வரை ஆங்கிலம், தமிழுக்கு வந்ததும் தமிழ். "வேற ஆஃபர் இருக்கு, சீக்கிரம் சொல்லுங்க" என்றால் பேரம் பேசுவதாகத் தோன்றும். அதனால், "நாளை மாலைக்குள்ள இன்னொரு கம்பெனி ஆஃபருக்குப் பதில் சொல்லணும், ஆனா என் விருப்பம் உங்க வேலைதான், அதுக்குள்ள ஏதாவது தெரிய வாய்ப்பு இருக்கா?" என்றேன். தேதியும் விருப்பமும் ஒரே மூச்சில் போக வேண்டும்.

அவர் சொன்ன பதில்: "இதையே மெயில்ல போடுங்க, நான் அப்படியே மேனேஜருக்கு ஃபார்வர்டு பண்றேன்." பழைய மெயிலிலேயே மூன்று வரி போட்டேன். ஒரு மணி நேரத்தில், வெள்ளி மாலை ஆகும், முடிந்தால் அங்கே அவகாசம் கேளுங்கள் என்று பதில் வந்தது. கேட்டேன், திங்கள் வரை கொடுத்தார்கள்.

வெள்ளி மாலை சொன்னபடி தகவல் வந்தது, வேறொருவரை எடுத்துவிட்டார்களாம். திங்கள் காலை மற்ற ஆஃபரில் கையெழுத்துப் போட்டேன்.