சீன மொழித் திருமண விருந்து அழைப்பிதழ் அச்சிடுவோருக்கு ஓர் எச்சரிக்கை

கிள்ளானில் என் தம்பியின் திருமண இரவு விருந்துக்காகச் சீன மொழியில் அச்சிட்ட 300 அழைப்பிதழ்களில் ஒன்றைக்கூட யாருக்கும் கொடுக்க முடியாமல் போயிற்று. மணமகள் சீனக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவருடைய உறவினர்களுக்கும், மறைந்த எங்கள் தந்தையின் நெடுநாள் சீன நண்பர்களுக்கும் உரிய முறைப்படி அழைப்பு வைக்க வேண்டும் என்பது அம்மாவின் விருப்பம். சீன அழைப்பிதழ் வாசகத்தில் தேர்ந்தவர்கள் தம்மிடம் இருப்பதாகச் சொல்லி, அதற்கென்று தனிக் கட்டணமும் பாதித் தொகை முன்பணமும் பெற்றுக்கொண்ட ஓர் அச்சகம், நாங்கள் கொடுத்த தமிழ் வாசகத்தை வரிக்கு வரி சீனத்தில் மாற்றி அச்சடித்துவிட்டது. ஒப்புதலுக்கு அவர்கள் அனுப்பியவை அட்டையின் முகப்பும் நிற மாதிரியும் மட்டுமே. உள்பக்கத்தை அச்சான பிறகுதான் பார்த்தோம்.

மணமகளின் பெரியப்பா சீனப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அட்டையை வாங்கிப் படித்த அவர் முதலில் விரலை வைத்தது கீழே அழைப்பவர் பெயர் இருந்த இடத்தில்தான். அங்கே எங்கள் தந்தையின் பெயரும் அம்மாவின் பெயரும் அடுத்தடுத்து இருந்தன. அவற்றின் கீழே "ஜு கோங்" என்ற சொல் இருந்தது. தலைதாழ்த்தி வணங்கி அழைக்கிறோம் என்று விருந்தளிப்பவர் இடும் ஒப்பம் அது. நம் வழக்கத்தில் "அமரர்" என்று சேர்த்து மறைந்தவரின் பெயரையும் அழைப்பிதழில் மதிப்போடு குறிப்பிடுகிறோம். சீன முறையிலோ அந்த இடத்தில் நிற்கும் பெயர், விருந்தன்று வாசலில் நின்று விருந்தினரை வரவேற்கப் போகிறவரின் பெயர். மறைந்தவரின் பெயர் அங்கே வந்தால், தந்தையின் மறைவை அறிந்த நண்பர்கள் மனம் நோவார்கள். அறியாதவர்கள் அவரை விருந்தில் தேடுவார்கள். தந்தை இல்லாத வீட்டில் தாய் மட்டும் அழைக்கலாம். பெற்றோர் இருவரும் இல்லையென்றால் மூத்த சகோதரர் அழைக்கலாம். அப்போது மணமகனைத் தன் மகன் என்று குறிக்காமல் "ஷெ தி", அதாவது என் எளிய தம்பி, என்று எழுத வேண்டும். அம்மா அந்த அட்டையை அன்று கையிலிருந்து கீழே வைக்கவே இல்லை. இந்தப் பதிவை எழுதத் தூண்டியது அதுதான்.

அடுத்த பிழை மணமக்களைக் குறித்த முறையில் இருந்தது. தமிழ் அழைப்பிதழில் நம் மகனையே நாம் "திருநிறைச்செல்வன்" என்று சிறப்பித்து எழுதுகிறோம். அச்சகம் அதற்கு ஈடாக "லிங் லாங்" என்று போட்டிருந்தது. அது பிறர் மகனைப் போற்றிச் சொல்லும் சொல். தன் மகனை ஒரு சீனத் தாய் "சியாவ் அர்", சின்ன மகன், என்று தாழ்த்தியே சொல்வாள். பெரியப்பா தம் மாணவர்களுக்குக் கற்பித்த பழைய வாய்பாடு ஒன்றை எங்களுக்குச் சொன்னார்: "ஜியா தா, ஷெ சியாவ், லிங் தா ரென்". நம் வீட்டுப் பெரியவர்களுக்கு "ஜியா", நம் வீட்டு இளையவர்களுக்கு "ஷெ", பிறர் வீட்டாருக்கு "லிங்" என்பது அதன் பொருள். இதைவிடக் கேடாக, மணமகளைக் குறிக்க அச்சகம் வேறொரு பெண்வீட்டார் அட்டையிலிருந்து "சியாவ் ந்யூ" என்ற சொல்லை எடுத்து ஒட்டியிருந்தது. பெண்ணைப் பெற்றவர் மட்டுமே பணிவாகச் சொல்லத்தக்க சொல் அது. ஆக, எங்கள் பிள்ளையை நாங்களே உயர்த்திக்கொண்டு, அவர்கள் பெண்ணைத் தாழ்த்தியதாக அந்த அட்டை வாசிக்கப்பட்டிருக்கும். அங்கே வர வேண்டியது "லிங் ஆய்", தங்கள் அருமை மகள், என்பதே.

விருந்தினரை அழைக்கும் வரியும் ஓர் அலுவலக அறிவிப்பைப் போல, விருந்தில் கலந்துகொள்ளவும் என்ற அளவில் இருந்தது. முறையான வாசகம் இரண்டு பகுதியாக வரும். முதலில் "ஜிங் பேய் ஷி யான்", பணிவுடன் மங்கல விருந்து அமைத்துள்ளோம். அதன்பின் "கோங் சிங்", பணிவுடன் அழைக்கிறோம், என்று வரியை முடித்து, விருந்தினரைச் சுட்டும் "ஹெ ஃபூ குவாங் லின்" புதிய வரியில் தொடங்கும். விருந்தினரை வரியின் தலையில் நிறுத்துவதே மரியாதை. ஆனால் "ஹெ ஃபூ" என்றால் குடும்பம் முழுவதும் என்று பொருள். பத்துப் பேருக்கு ஒரு மேசை என்று எண்ணி இடம் ஒதுக்கும் விருந்தில் அதை எல்லோருக்கும் அச்சிட்டால் இடம் போதாது. கணவன் மனைவியை மட்டும் அழைப்பதாயின் உறையில் பெயருக்குப் பின் "காங் லி" என்று எழுதுவது வழக்கம்.

இரவு விருந்துக்கு இரண்டு நேரம் குறிப்பது நல்லது. "கோங் ஹோவ்" என்பது விருந்தினரை எதிர்பார்த்துக் காத்திருக்கும் நேரம். "ரு ஷி" என்பது மேசையில் அமரும் நேரம். அச்சகம் 7 மணி என்று ஒன்றை மட்டும் போட்டிருந்தது. அது வரவேற்பு நேரமா, பரிமாறும் நேரமா என்பது படிப்பவருக்கு விளங்காது.

சந்திர நாட்காட்டித் தேதியில் நேர்ந்த பிழை கண்ணுக்கே தெரியாதது. விருந்து 2025 நவம்பர் 8, சனிக்கிழமை. அந்த நாள் ஒன்பதாம் மாதம் பத்தொன்பதாம் நாள். அட்டையில் பத்தாம் மாதம் என்று இருந்தது. 2025-இல் ஆறாம் மாதம் இருமுறை வந்ததைக் கணக்கில் கொள்ளாமல் மாதங்களை எண்ணியதன் விளைவு இது. பத்தாம் மாதம் பத்தொன்பதாம் நாள் டிசம்பர் 8-இல் தான் வந்தது. இதைச் சரிபார்க்க எளிய வழி உண்டு. எட்டாம் மாதம் பதினைந்தாம் நாளான நிலவுத் திருநாள் அந்த ஆண்டு அக்டோபர் 6-இல் வந்தது. நவம்பர் 8 அதிலிருந்து 33 நாள் தள்ளி வருவதால் பத்தாம் மாதமாக இருக்கவே முடியாது.

குடும்பத்தோடு அழைக்கப்படுவோருக்காகப் பெரியப்பா தம் கையால் எழுதித் தந்த வாசகம் இதுதான். அடுத்தடுத்து வட்டங்கள் உள்ள இடத்தில் பெயர்கள் வரும். அழைப்பவர் பெயர் அம்மாவுடையது மட்டுமே.

```
謹訂於二〇二五年十一月八日（星期六）
農曆乙巳年九月十九日
為小兒〇〇與
〇〇〇先生令嬡〇〇小姐結婚之喜
敬備喜筵　恭請
闔府光臨
　　　　　　〇〇〇　鞠躬
席設：〇〇酒樓
恭候：下午六時三十分
入席：晚上七時三十分
```

பிழைகளைக் குறித்துக் கொண்டுபோய்க் காட்டியபோது, அட்டையின் வடிவத்துக்கு நீங்கள் ஒப்புதல் தந்தீர்கள் என்ற ஒரே பதிலைத்தான் அச்சகம் திரும்பத் திரும்பச் சொன்னது. வாசகம் எழுதியவர் யார் என்று கேட்டதற்கு விடை இல்லை. மறு அச்சுக்கு முழுத் தொகை கேட்டார்கள். முன்பணத்தையும் திருப்பித் தரவில்லை. நாங்கள் வேறிடத்தில் அச்சிட்டுக்கொண்டோம்.

சீன வாசகத்துக்குத் தனிக் கட்டணம் கேட்கும் கடையில், உள்பக்க வாசகம் முழுவதையும் எழுத்தாகப் பெற்று, மணமக்களின் உறவில் சீனம் கற்ற பெரியவர் ஒருவர் படித்த பின்னரே அச்சுக்கு ஒப்புதல் தருவதாக ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். அதற்கு மறுக்கும் கடையில் முன்பணம் கட்டாதீர்கள். ரசீது, அட்டையின் ஒரு படி, பெரியப்பா சிவப்பு மையில் திருத்திய தாள் ஆகியவற்றை இணைத்து நாங்கள் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணம் செலுத்தி மனுக் கொடுத்திருக்கிறோம். இதே போன்று பாதிக்கப்பட்டவர்களும் வழக்கறிஞர் இல்லாமலேயே அங்கே மனுச் செய்யலாம்.