மணிக்கணக்கா, ரிடெய்னரா, பலனில் பங்கா: ஒரே ஆலோசகரோடு மூன்று ஒப்பந்தங்கள்

எங்கள் ஆலையின் கம்ப்ரஸர் அறைக்கு மின்சிக்கன ஆலோசகர் ஒருவர் பல ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கிறார். முதலில் மணிக்கணக்கில் வந்தார். பிறகு மாதாமாதம் ஒரு தொகை என்று ரிடெய்னரில் வைத்துக்கொண்டோம். அதற்கடுத்து, மிச்சமாகும் மின்சாரத்தில் அவருக்கு ஒரு பங்கு என்று பேசினோம். ஆளும் அறையும் மாறவில்லை, கட்டண முறை மட்டுமே மாறியது. அதனால் ஒவ்வொரு முறையும் வேலையை எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பக்கத்திலிருந்து பார்க்க முடிந்தது.

மணிக்கணக்கில் தொடங்கியது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். பிரச்சினை எங்கே இருக்கிறது என்றே தெரியாத கட்டத்தில் வேறு எந்த முறையிலும் நியாயமான விலை பேச முடியாது. அவர் முதலில் செய்தது கசிவுச் சோதனை. உற்பத்தியை நிறுத்திவிட்டு, காற்றை யாரும் பயன்படுத்தாத நிலையில் கம்ப்ரஸரை ஓடவிட்டார். அது எவ்வளவு நேரம் காற்றை அழுத்தியபடி லோடில் ஓடுகிறது, எவ்வளவு நேரம் காற்று தராமல் சும்மா சுற்றியபடி அன்லோடில் ஓடுகிறது என்று குறித்தார். பத்து நிமிடத்தில் மூன்று நிமிடம் லோடு எடுத்தது. யாரும் காற்று எடுக்காதபோதே அந்த கம்ப்ரஸரின் திறனில் 30 சதவீதம் குழாய்களிலும் இணைப்புகளிலும் போய்க்கொண்டிருந்தது என்று அர்த்தம். பிறகு கசிவு கண்டுபிடிக்கும் மீயொலிக் கருவியோடு லைன் லைனாக நடந்து, ஒவ்வொரு இடத்திலும் எண் போட்ட அட்டை கட்டிவிட்டுப் போனார். வேலை சுத்தமாக இருந்தது.

சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. அவருடைய பில் கால் மணி நேர அளவில் போடப்படும். ஐந்து நிமிட போன் பேச்சும் கால் மணி நேரம்தான். இது தெரிந்ததும் எங்கள் பராமரிப்புப் பிரிவில் யாரும் அவரைக் கூப்பிடுவதில்லை. "சார், போன் போட்டா பில் வருமே, நாங்களே பாத்துக்கிறோம்" என்றார் சூப்பர்வைசர். காசை மிச்சம் பிடிக்க நினைத்து, கேட்டிருக்க வேண்டிய கேள்வியையே கேட்காமல் விட்டார்கள். ரிப்போர்ட்டில் ஒரு முக்கியமான வரி இருந்தது: கசிவை அடைத்தால் மட்டும் போதாது, இரண்டாவது கம்ப்ரஸர் தானாக நிற்கும்படி கட்டுப்பாட்டையும் மாற்ற வேண்டும். ஏனென்றால் நிலையான வேகத்தில் ஓடும் ஸ்க்ரூ கம்ப்ரஸர் அன்லோடில் காற்றே தராதபோதும் முழுச் சுமையில் எடுக்கும் மின்சாரத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை தின்றுகொண்டே இருக்கும். கசிவுகளை அடைத்தார்கள். மின்கட்டணம் எதிர்பார்த்த அளவு இறங்கவில்லை. அந்த வரியை யாரும் அவரிடம் விளக்கிக் கேட்கவில்லை, வந்து விளக்க வேண்டிய கடமையும் ஒப்பந்தப்படி அவருக்கு இல்லை.

மணிக்கணக்கு பில்லில் இப்போது நான் பார்ப்பது மொத்த மணிகளை அல்ல, வரிகளை. "லைன் 3 கசிவுச் சோதனை, முடிவு இணைப்பில்" என்று இருந்தால் சரி. "ஆய்வு, நான்கு மணி நேரம்" என்று மட்டும் இருந்தால் அந்த வாரமே போன் செய்து என்ன கிடைத்தது என்று கேட்பேன். உச்சவரம்பு போட்டிருக்கும்போது கடைசி வாரத்தில் மணிகள் வரம்பை நோக்கித் திடீரென ஏறுகிறதா என்பதும் பார்க்க வேண்டியது.

கூப்பிடத் தயங்குகிறார்கள் என்பதற்காகவே ரிடெய்னருக்குப் போனோம். ரிடெய்னர் என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு ஒப்பந்தங்கள் உலவுகின்றன. ஒன்று, மாதத்துக்கு இத்தனை மணி நேர வேலையை முன்கூட்டியே வாங்கி வைப்பது. இன்னொன்று, கூப்பிட்டால் இத்தனை நேரத்துக்குள் பதில் கிடைக்கும் என்ற உரிமைக்குப் பணம் தருவது. முதல் வகையில் பயன்படாத மணிகளை என்ன செய்வது என்ற கேள்வி உடனே வரும். மாத முடிவில் அவை காலாவதியாகும் என்றால் நாம் தேவையில்லாத வேலையை உருவாக்கிக் கொடுப்போம். காலவரம்பின்றிச் சேரும் என்றால், ஒரு கட்டத்தில் அவர் ஒரே மாதத்தில் செய்து தீர்க்க முடியாத அளவுக்கு அது குவியும், அது அவருக்கும் நல்லதல்ல. அடுத்த ஒரு மாதத்துக்கு மட்டும் கொண்டுபோகலாம் என்ற ஏற்பாடுதான் எங்களுக்கு ஒத்துவந்தது.

ஆனாலும் கொஞ்ச காலத்தில் அது மாதாந்திர ரிப்போர்ட்டாகச் சுருங்கியது. படங்களும் வரைகோடுகளும் ஒழுங்காக வரும், படித்துவிட்டு யாரும் எதையும் மாற்ற மாட்டார்கள். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. கடந்த சில மாத மின்னஞ்சல்களையும் அழைப்புகளையும் எடுத்து, பேச்சை யார் தொடங்கினார்கள் என்று பாருங்கள். எங்கள் ஆட்கள் ஒரு முடிவெடுக்கும் முன் அவரைக் கேட்டிருந்தால் ரிடெய்னர் உயிரோடு இருக்கிறது. அவர் அனுப்புவதும் நாங்கள் "பெற்றுக்கொண்டோம்" என்று எழுதுவதுமாக மட்டும் இருந்தால், அது சந்தாவாகிவிட்டது. எங்களுடையது சந்தாவாகியிருந்தது.

அப்போதுதான் பலனில் பங்கு என்ற பேச்சு வந்தது. இதிலும் இரண்டு வகை. எதிர்பார்க்கும் பலனை முன்பே பேசி மதிப்பிட்டு, அதற்கேற்ப ஒரு நிலையான தொகையை ஒத்துக்கொள்வது ஒன்று. உண்மையில் கிடைத்த பலனை அளந்து, அதில் சதவீதம் தருவது இன்னொன்று. நிலையான தொகையில் அளவுச் சண்டை கிடையாது, ஆனால் பலன் வராவிட்டால் நஷ்டம் நமக்கு. சதவீதத்தில் அந்த ஆபத்து அவர் தோளுக்குப் போகிறது, பதிலுக்கு எதை எதோடு ஒப்பிட்டு அளப்பது என்ற கேள்வி முழு எடையோடு வந்து உட்காருகிறது. நாங்கள் சதவீதத்தைத் தேர்ந்தோம். இதில் நான் கற்றதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கணக்கு புரிய எண்களை முழு எண்களாக்கித் தருகிறேன். மாதம் 400 டன் உற்பத்தியில் கம்ப்ரஸர் அறை 60,000 யூனிட் எடுத்தது. வேலை முடிந்தபின் வந்த ஒரு மாதத்தில் ஆர்டர் குறைந்து உற்பத்தி 300 டன்தான், மின்சாரம் 38,500 யூனிட். மிச்சம் எவ்வளவு?

நேராகக் கழித்தால் 21,500. ஆலோசகருக்கு இந்த எண் பிடிக்கும், ஆனால் உற்பத்தி குறைந்ததற்கும் சேர்த்து அவருக்குப் பங்கு கொடுத்ததாகிவிடும். டன்னுக்கு எத்தனை யூனிட் என்று பார்த்தால், பழைய விகிதம் 150. 300 டன்னுக்கு 45,000 ஆகியிருக்க வேண்டும், எனவே மிச்சம் 6,500. எங்கள் கணக்குப் பிரிவுக்கு இந்த எண் பிடித்தது. இதுவும் தவறு. கசிவு உற்பத்தியைப் பார்த்துக் கூடிக் குறைவதில்லை. இயந்திரம் ஓடினாலும் நின்றாலும் குழாயில் அழுத்தம் இருக்கும்வரை காற்று போய்க்கொண்டே இருக்கும்.

ஆகவே மின்சாரத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டியிருந்தது: மாறாத பகுதி, டன்னுக்கு ஏற்ப மாறும் பகுதி. மாறாத பகுதியை எடுக்க, விடுமுறை நாட்களில் உற்பத்தி இல்லாமல் கம்ப்ரஸரை வேண்டுமென்றே ஓடவிட்டு மீட்டர் பார்த்தோம். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 667 யூனிட், மாதத்துக்கு 20,000. மீதி 40,000 யூனிட்டை 400 டன்னால் வகுத்தால் டன்னுக்கு 100. இந்தச் சூத்திரப்படி 300 டன் மாதத்தில் பழைய நிலை 50,000 ஆகியிருக்கும். உண்மையில் ஆனது 38,500. மிச்சம் 11,500.

ஒரே மாதம், ஒரே மீட்டர், மூன்று விடைகள். பெரியது சிறியதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். எந்த விடையை எடுப்பது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்ததால்தான் நல்லுறவு கெடாமல் இருந்தது. மிச்சம் என்பதை எந்த மீட்டரும் காட்டாது, பழைய நிலையைச் சூழலுக்கேற்பத் திருத்தி அதோடு ஒப்பிட்டே கணக்கிட வேண்டும் என்பது ஐ.பி.எம்.வி.பி என்ற சர்வதேச அளவீட்டு நெறிமுறையின் அடிப்படை. யூனிட் விலையையும் ஒப்பந்தத் தேதியில் இருந்தபடியே வைத்துக்கொண்டோம், கட்டண உயர்வால் அவருக்கோ எங்களுக்கோ சும்மா லாபம் வரக்கூடாது என்பதற்காக.

இந்த முறையில் அவர் வேலை செய்த விதமே வேறாக இருந்தது. ரிப்போர்ட்டில் ஒரு வரியாகக் கிடந்த அந்தக் கட்டுப்பாட்டு மாற்றத்தை இரவு ஷிஃப்டில் நின்று முடிக்க வைத்தார். இரண்டாவது கம்ப்ரஸர் நின்றது. கசிவு அடைப்பும் இதுவும் சேர்ந்து மாறாத பகுதியை 20,000-லிருந்து 10,000-க்குக் கொண்டுவந்தன. காற்றழுத்தத்தை 0.7 பார் குறைத்ததில் டன் கணக்கு 100-லிருந்து 95 ஆனது. ஒரு பார் குறைத்தால் ஆறேழு சதவீத மின்சாரம் மிஞ்சும் என்ற பொதுவான கணக்கோடு இது ஒத்துப்போகிறது.

ஆனால் அளக்கப்படும் எண்ணுக்குப் பங்கு கொடுத்தால், அளக்கப்படாத இடத்தில் விலை கேட்கும். அழுத்தத்தை இன்னும் இறக்கலாம் என்று அவர் வற்புறுத்தினார். இறக்கிப் பார்த்த சில நாட்களிலேயே பேக்கிங் இயந்திரத்தின் சிலிண்டர்கள் முழுதாக நீளாமல், சரியாக ஒட்டாத பெட்டிகள் கூடின. மீட்டர் அதைச் சொல்லாது, கழிவுப் பெட்டிகளின் எண்ணிக்கைதான் சொல்லும். கடைசி இயந்திரத்தின் வாயில் 6 பாருக்குக் கீழே போகக்கூடாது, கழிவு கூடும் மாதத்துக்குப் பங்கு கிடையாது என்ற இரண்டு வரிகளை அதன்பின் சேர்த்தோம். அவரும் தயங்காமல் கையெழுத்திட்டார்.

இன்னொரு விஷயம், கசிவு திரும்ப வரும். இணைப்புகள் தளரும், புதிய குழாய் போடும்போது புதிய கசிவு பிறக்கும். மூன்றாம் மாதத்திலேயே முழுப் பங்கையும் கொடுத்துவிட்டால் பத்தாம் மாதத்தைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. எனவே ஒரு பகுதியை நிறுத்திவைத்து, பன்னிரண்டாம் மாத விடுமுறை நாள் மீட்டர் அளவைப் பார்த்த பிறகு கொடுத்தோம்.

இப்போது எங்களிடம் மூன்று முறைகளும் அடுத்தடுத்து ஓடுகின்றன. பழைய நிலையை அளக்கும் வேலை மட்டும் உச்சவரம்போடு மணிக்கணக்கில். அந்த அளவு எங்கள் சொத்து, வேறு ஆலோசகரிடமும் கொண்டுபோகலாம். மாற்றத்தைச் செய்து முடிப்பது பலனில் பங்கு. அதன்பின் சிறு ரிடெய்னர், மணிக்கணக்கு இல்லாமல், ஒரு வேலை நாளுக்குள் பதில் என்ற உரிமைக்கு மட்டும். சூப்பர்வைசர் இப்போது தயங்காமல் கூப்பிடுகிறார்.

பாய்லர் பாதுகாப்பு ஆலோசகரோடு மட்டும் பங்கு பேசவில்லை, பேசவும் மாட்டேன். அங்கே பலன் என்பது ஒன்றும் நடக்காமல் இருப்பது. அதற்குப் பழைய நிலை என்று எதையும் அளந்து எழுத முடியாது. குறையைச் சொன்னால் தன் பங்கு குறையும் என்ற நிலையில் அவரை வைக்கவும் கூடாது. தணிக்கைப் பணிக்கு முடிவைப் பொறுத்த கட்டணம் வாங்கக்கூடாது என்று தணிக்கையாளர்களின் சர்வதேச நெறிமுறை தடுப்பதும் இதே காரணத்தால்தான். பாய்லருக்கு ஆண்டுத் தொகை, முன்பணமாக. அவர் எத்தனை குறை எழுதினாலும் அந்தத் தொகை மாறாது.