மூன்று வருடமாக ஒரு தெர்மிஸ்டர்: "10 கே" என்ற எழுத்தை நம்பி நான் கெட்ட கதை

கோழி முட்டைக்கு இன்குபேட்டர் கட்டிக்கொண்டிருக்கும் நண்பர் போன வாரம் கேட்டார்: "உன் பெட்டியில் தெர்மிஸ்டர்தானே இருக்கிறது? நானும் அதையே போடவா, இல்லை டிஜிட்டல் சென்சார் வாங்கவா?" ஒரு வரியில் பதில் அனுப்பலாம் என்று உட்கார்ந்தேன். எழுத எழுதப் பழைய கோபம் கிளம்பிவிட்டது. அதனால்தான் இவ்வளவு நீளம்.

என் பெட்டியில் இருப்பது 10 கிலோ ஓம் என்டிசி தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற இதன் மின்தடை குறையும். அதோடு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராக இணைத்து, நடுப்புள்ளியை ஆர்டுயினோ பலகையின் A0 காலில் கொடுத்திருக்கிறேன். ரெசிஸ்டர் 5 வோல்ட் பக்கம், தெர்மிஸ்டர் தரைப் பக்கம். கணக்கு மூன்றே வரி:

```cpp
int a = analogRead(A0);
float r = 10000.0 * a / (1023.0 - a);
float t = 1.0 / (1.0/298.15 + log(r/10000.0)/3950.0) - 273.15;
```

இரண்டாவது வரி, படித்த எண்ணை மின்தடையாக மாற்றுகிறது. மூன்றாவது வரி அந்த மின்தடையை வெப்பநிலையாக மாற்றும் பீட்டா சமன்பாடு. 298.15 என்பது 25 டிகிரி செல்சியஸ், கெல்வினில். 10000 அந்த வெப்பநிலையில் தெர்மிஸ்டரின் மின்தடை. 3950 அதன் பீட்டா, அதாவது சூட்டுக்கு எவ்வளவு வேகமாக மின்தடை மாறும் என்பதைச் சொல்லும் எண். `log` இங்கே இயல் மடக்கை. சிலர் `log10` போட்டுவிட்டு நாள் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள்.

முதல் இரண்டு வருடம் ஒரு குறையும் சொல்ல முடியாது. முட்டைக்கு வேண்டியது 37.5 டிகிரி. அந்த இடத்தில் `a` 378-லிருந்து 379-க்கு மாறினால், திரையில் 37.5 என்பது 37.4 ஆகும். வோல்டேஜை எண்ணாக மாற்றும் பத்து பிட் ஏடிசியிலேயே ஒரு எண்ணுக்குப் பத்தில் ஒரு டிகிரி கிடைக்கிறது என்றால் முட்டைக்கு அது தாராளம். இன்னொரு சௌகரியம், 5 வோல்ட் சப்ளை கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் கணக்கு அசையாது. ரெசிஸ்டரும் தெர்மிஸ்டரும் சேர்ந்த டிவைடருக்குப் போவதும் ஏடிசி ஒப்பிட்டுப் பார்ப்பதும் ஒரே வோல்டேஜ் என்பதால் இரண்டும் சேர்ந்தே நகரும்.

அப்புறம் ஒரு நாள் மூடியை இழுத்ததில் வயர் அறுந்தது. மாற்றாக ஒன்று வாங்கினேன். பையில் "10k NTC" என்று மட்டும் எழுதியிருந்தது. பொருத்திவிட்டு, ஹீட்டரைப் போடாமல் அறையில் இருந்த தெர்மாமீட்டரோடு ஒப்பிட்டேன். அது 26, இதுவும் 26. திருப்தியாகப் பதினெட்டு முட்டைகளை அடை வைத்தேன். திரை இரவும் பகலும் 37.5 காட்டியது.

21 நாளில் பொரிய வேண்டியவை 19-ஆம் நாளே ஓடு கொத்தின. இரண்டே குஞ்சுகள் வெளியே வந்தன, தொப்புள் சரியாக மூடாமல். மற்ற முட்டைகளை உடைத்துப் பார்த்தேன். எல்லாம் வளர்ந்து பாதியில் இறந்தவை. கோழி வளர்ப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: முன்கூட்டியே பொரிந்தால் சூடு அதிகம் என்று அர்த்தம். ஆனால் திரையில்தான் 37.5 இருந்ததே?

காரணம் கடைசியில் மிக எளிமையாக இருந்தது. புதிய தெர்மிஸ்டரின் பீட்டா 3950 இல்லை, 3435. இரண்டு வகையும் சந்தையில் சர்வசாதாரணம். இரண்டுக்கும் 25 டிகிரியில் 10 கிலோ ஓம்தான். அதனால்தான் அறையில் வைத்து ஒப்பிட்டபோது தப்பு தெரியவில்லை. இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று வெட்டும் ஒரே இடத்தில் போய்ச் சரிபார்த்திருக்கிறேன்! அங்கிருந்து விலக விலகத்தான் வித்தியாசம் வரும். நிரல் 37.5 என்று சொல்ல மின்தடை 5868 ஓமுக்கு இறங்க வேண்டும். 3950 பீட்டா உள்ளது 37.5 டிகிரியிலேயே அங்கே வந்துவிடும். 3435 உள்ளது வரவேண்டுமானால் 39.5 டிகிரி வரை சூடாக வேண்டும். ஹீட்டர் சொன்ன பேச்சைக் கேட்டு அதுவரை சூடாக்கியிருக்கிறது.

விற்றவரைத் திட்டினேன், வெகு நேரம். பீட்டாவை எழுதாமல் தெர்மிஸ்டர் விற்பது, அளவு போடாமல் செருப்பு விற்பது மாதிரி. ஆனால் நியாயமாகப் பார்த்தால், கேட்காமல் வாங்கியதும் நான்தான்.

இது எந்த வகை என்று கண்டுபிடிக்க மல்டிமீட்டர் போதும். நொறுக்கிய ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் கலந்து கலக்கினால் பூஜ்யம் டிகிரி. அதில் 3950 வகை சுமார் 33 கிலோ ஓம் காட்டும், 3435 வகை சுமார் 28. அறுந்த வயரில் தொங்கிய பழைய தெர்மிஸ்டர் உயிரோடுதான் இருந்தது. இரண்டையும் ஒரே கிண்ணத்தில் இறக்கினேன். ஒன்று 33, ஒன்று 28. சந்தேகத்துக்கு இடமே இல்லை. தெர்மிஸ்டரின் கால்களில் தண்ணீர் படாமல் மெல்லிய பிளாஸ்டிக் உறையில் போட்டு இறக்குங்கள். தண்ணீர் வழியாக மின்சாரம் கசிந்தால் மின்தடை குறைவாகக் காட்டும்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். மூன்று வருடத்தில் உருப்படியாகக் கற்றுக்கொண்டது இதுதான். 3950-ஐ 3435 என்று மாற்றிவிட்டுப் போயிருக்கலாம். செய்யவில்லை. சமன்பாட்டில் 25 டிகிரி என்பது தயாரிப்பாளரின் வசதிக்காக வைத்த புள்ளி. என் முட்டைக்கு 25 டிகிரியில் என்ன வேலை? எனக்கு வேண்டியது 37.5. அதனால் சமன்பாட்டின் புள்ளியையே அங்கே நகர்த்திவிட்டேன்.

காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் வீட்டில் இருந்தது. அந்தக் குறுகிய எல்லைக்குள் அது பத்தில் ஒரு டிகிரி வரை நம்பத் தக்கது, இன்குபேட்டருக்கு வேண்டியதும் அதே எல்லைதான். அதன் நுனியையும் தெர்மிஸ்டரையும் நூலால் சேர்த்துக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் விட்டு, கலக்கிக்கொண்டே இருந்தேன். தெர்மாமீட்டர் 37.6-இல் நின்றபோது நிரல் அச்சிட்ட `r` 6270. மல்டிமீட்டரால் அளக்காமல் பலகை சொன்ன `r`-ஐயே எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. என் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் உண்மையில் 9900 ஆக இருந்தாலும், அந்தப் பிழையும் இந்த 6270-க்குள் அடங்கிவிடும். சும்மா சொல்லவில்லை: ரெசிஸ்டரில் 5 சதவீதம் தப்பு என்றால் முட்டைக்கு ஒரு டிகிரிக்கு மேல் தப்பு. எல்லோரும் தெர்மிஸ்டரையே குறை சொல்வார்கள், பக்கத்தில் இருக்கும் ரெசிஸ்டரைப் பார்க்க மாட்டார்கள்.

37.6 டிகிரி என்றால் 310.75 கெல்வின். நிரல் இப்படி ஆனது:

```cpp
float t = 1.0 / (1.0/310.75 + log(r/6270.0)/3435.0) - 273.15;
```

இப்போது பீட்டா கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் 37.6-க்கு அருகில் பிழை ஏறக்குறைய இல்லை. அறை வெப்பநிலையில் அரை டிகிரி தப்பாகக் காட்டினால் காட்டிக்கொள்ளட்டும், எனக்குக் கவலையில்லை. உறைநிலையிலிருந்து கொதிநிலை வரை சரியாக வேண்டும் என்பவர்களுக்கு இது போதாது. அவர்கள் மூன்று புள்ளிகளில் அளந்து, மூன்று மாறிலிகள் கொண்ட ஸ்டைன்ஹார்ட்–ஹார்ட் சமன்பாட்டுக்குப் போக வேண்டும்.

இன்னும் ஒரு சின்ன எரிச்சல் உண்டு. தெர்மிஸ்டர் வழியே எப்போதும் மின்சாரம் ஓடினால் அது தன்னையே சூடாக்கிக்கொள்ளும். என் இணைப்பில் அரை மில்லிவாட்டுக்குக் கொஞ்சம் அதிகம். தண்ணீரில் அது தெரியாது. அசையாத காற்றில், சின்ன தெர்மிஸ்டர் என்றால், பத்தில் சில டிகிரி ஏற்றிக் காட்டலாம். டிவைடரை 5 வோல்ட்டில் நேரடியாக இணைக்காமல் ஒரு டிஜிட்டல் காலிலிருந்து கொடுத்து, படிக்கும் நொடியில் மட்டும் உயிர் கொடுத்தால் தொல்லை தீரும்.

சரி, டிஜிட்டலுக்கு வருவோம். கோபத்தில் DS18B20 என்ற டிஜிட்டல் சென்சார் ஒன்றையும் வாங்கிப் போட்டேன். பீட்டா இல்லை, மடக்கை இல்லை, ரெசிஸ்டரின் துல்லியம் பற்றிக் கவலை இல்லை; டேட்டா வயரை 5 வோல்ட் பக்கம் இழுத்துப் பிடிக்க 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று இருந்தால் போதும். அது டிகிரியையே எண்ணாகத் தரும். நீளமான வயரிலும் மதிப்பு நகராது. ஒன்று கெட்டால் இன்னொன்றை மாட்டலாம், 39.5 கதை நடக்காது. ஆனால் தயாரிப்பாளர் உறுதி சொல்வது அரை டிகிரி கூட குறைய என்றுதான். திரையில் 0.0625 படிகளில் நகர்வதைப் பார்த்து அவ்வளவு துல்லியம் என்று நினைத்துவிடக் கூடாது. காய்ச்சல் தெர்மாமீட்டரோடு கட்டி முக்கும் வேலை இதற்கும் உண்டு. போலிகளும் ஏராளம். என் ஹீட்டர் ரிலே விழும்போது சில நேரம் திடீரென்று 85 டிகிரி என்றது. மின்சாரம் ஒரு கணம் தடுமாறிச் சென்சார் புதிதாக விழித்தால் அதன் முதல் பேச்சு 85தான். அதை அளவீடு என்று எடுத்துக்கொள்ளாமல் தள்ளிவிட வேண்டும்.

இரண்டிலும் பொதுவான ஆபத்து, வயர் அறுவது. என் இணைப்பில் தெர்மிஸ்டர் அறுந்தால் `a` 1023-க்குப் போகும். நிரலுக்கு அது கடுங்குளிர். DS18B20 அறுந்தால் அதைப் படிக்கும் நிரல் நூலகம் -127 தரும், அதுவும் கடுங்குளிர். இரண்டிலும் ஹீட்டர் முழு வீச்சில் எரியும். வெப்பநிலையைக் கணக்கிடும் முன்பே, `a` 50-க்குக் கீழோ 950-க்கு மேலோ போனால் ஹீட்டரை அணைத்துவிட வேண்டும்; டிஜிட்டலில் -127 வந்தாலும் அப்படியே.

நண்பருக்கு என்ன சொன்னேன்? DS18B20 வாங்கு என்றேன். மூன்று வருடமாகத் தெர்மிஸ்டரைப் புகழ்ந்தவன், இவ்வளவு தூரம் அதைச் சரிசெய்யக் கற்றவன் ஏன் இப்படிச் சொல்கிறான் என்று அவருக்குக் குழப்பம். முதல் ஈட்டிலேயே அவர் முட்டைகளை இழக்க வேண்டாம் என்பதுதான் காரணம். "அப்போ நீ எதை வைத்திருக்கிறாய்?" என்றார். தெர்மிஸ்டர்தான். பெட்டி மூடியின் உள்பக்கம் "37.6 = 6270" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். டிஜிட்டலும் பக்கத்திலேயே தொங்குகிறது. இரண்டும் ஒரு டிகிரிக்கு மேல் வேறுபட்டால் ஹீட்டர் அணையும். போன ஈட்டில் ஒரே ஒரு முறை அணைந்தது. திறந்து பார்த்தால் டிஜிட்டல் கிளிப்பிலிருந்து நழுவி, தண்ணீர்த் தட்டில் கிடந்தது.