அடுக்கு IF-ஆ, ஸ்லாப் அட்டவணையா: சம்பள வரிக்கு நான் எதற்கு மாறினேன்

திருமங்கலம் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் சம்பளக் கணக்கு பார்க்கிறேன். மாதாமாதம் வரிப்பிடித்தம் போடுவதற்கு எக்செல் தாள்தான். 2024 வரை ஒரே செல்லில் IF-க்குள் IF-ஆக நீளும் ஃபார்முலாவை வைத்திருந்தேன். இப்போது ஸ்லாப் அட்டவணையும் VLOOKUP-உம். இரண்டையும் கையாண்டு பார்த்தவன் என்ற முறையில், எனக்கு அட்டவணைதான் சரி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விடை என்று பார்த்தால் இரண்டும் ஒன்றுதான் தரும். முதல் முறை அடிக்க IF கொஞ்சம் வேகம், படிக்க அட்டவணை சுலபம். இதையெல்லாம் வைத்து முடிவெடுக்க வேண்டாம். பட்ஜெட்டில் ஸ்லாப் மாறும்போது எது தாங்கும் என்பதுதான் கேள்வி. புதிய வரி முறையின் ஸ்லாப் 2023-24, 2024-25, 2025-26 என்று மூன்று நிதியாண்டிலும் மூன்று விதமாக இருந்தது.

2024 ஜூலை பட்ஜெட்டில் 3, 6, 9, 12, 15 லட்சம் என்றிருந்த எல்லைகள் 3, 7, 10, 12, 15 என்று ஆயின. என் IF ஃபார்முலாவில் எல்லைகளை மாற்றினேன். 12 லட்சத்துக்கு மேல் உள்ள பகுதியில் எல்லை மாறவில்லை, 20 சதவீதமும் மாறவில்லை. அதனால் அந்தத் துண்டைத் தொடாமல் விட்டேன். ஆனால் அதற்குள் ‘12 லட்சம் வரைக்குமான வரி’ 90000 என்று உட்கார்ந்திருந்தது. கீழ் ஸ்லாப்கள் மாறியதால் அது 80000 ஆகியிருக்க வேண்டும்.

அடுத்த மாதம் ஒரு பேராசிரியர் தாளோடு வந்தார். “தம்பி, நான் போட்டுப் பார்த்தா பத்தாயிரத்துச் சொச்சம் கூட வருதே?” என்றார். நிலைக்கழிவு 75,000 போக அவருடைய வருமானம் 13,40,000. வரி 80,000-உம், 1,40,000-க்கு 20 சதவீதமான 28,000-உம் சேர்த்து 1,08,000. செஸ் 4 சதவீதத்தோடு 1,12,320. என் தாள் 1,22,720 காட்டியது. 10,400 ரூபாய் அதிகம். அவர் மட்டுமல்ல, 12 லட்சத்தைத் தாண்டிய எல்லோருக்கும் அதே தொகை கூடியிருந்தது. எக்செல் எந்தப் பிழையும் காட்டவில்லை. ஃபார்முலாவின் அமைப்பு சரியாக இருந்தது, உள்ளே இருந்த ஒரு எண்தான் பழசு.

2025-26 ஸ்லாப்பை IF-இல் எழுதினால் எத்தனை எண் வரும் என்று எண்ணிப் பார்த்தேன். ஆறு எல்லைகளும் இரண்டு முறை வரும், விகிதம் ஆறு, முந்தைய ஸ்லாப் வரைக்குமான வரி ஐந்து. சைபரை விட்டுவிட்டால் 23 எண்கள், எல்லாம் ஒரே வரியில். அட்டவணையில் நாம் அடிப்பது ஆறு எல்லையும் ஆறு விகிதமும் மட்டும். என்னை மாட்டிவிட்ட அந்த ஐந்து எண்களையும் எக்செல்லே கணக்கிட்டுக்கொள்ளும்.

A பத்தியில் ஸ்லாப் தொடங்கும் தொகை, A2-இலிருந்து: 0, 400000, 800000, 1200000, 1600000, 2000000, 2400000. B பத்தியில் 0%, 5%, 10%, 15%, 20%, 25%, 30%. C2-இல் 0. C3-இல் கீழே உள்ளதை அடித்து C8 வரை இழுத்துவிட வேண்டும்.

```
=C2+(A3-A2)*B2
```

C பத்தியில் 0, 0, 20000, 60000, 120000, 200000, 300000 என்று வரும். வரிக்குரிய வருமானம் F2-இல் இருந்தால், G2-இல்:

```
=VLOOKUP(F2,$A$2:$C$8,3,TRUE)
+(F2-VLOOKUP(F2,$A$2:$C$8,1,TRUE))
*VLOOKUP(F2,$A$2:$C$8,2,TRUE)
```

வருமானம் 14,25,000 என்று வைப்போம். அதைத் தாண்டாத பெரிய எல்லை 12 லட்சம். முதல் VLOOKUP 60,000 தருகிறது. மீதி 2,25,000-க்கு 15 சதவீதம் 33,750. மொத்தம் 93,750, செஸ் சேர்த்தால் 97,500. கடைசியில் உள்ள TRUE முக்கியம். FALSE போட்டால் எல்லைத் தொகையை அச்சாகக் கொண்ட வருமானத்துக்கு மட்டும் விடை வரும், மற்றதெல்லாம் `#N/A`. A பத்தி சிறியதிலிருந்து பெரியதாக இருப்பதும் கட்டாயம்.

அட்டவணைக்கும் ஒரு பொறி உண்டு. 2025-இல் ஸ்லாப் ஆறிலிருந்து ஏழானது. கடைசி வரிசைக்குக் கீழே புதிய வரிசையை அடித்தால், ஃபார்முலா பழைய எல்லையோடு நின்றுவிடும், 24 லட்சத்துக்கு மேல் வாங்குபவருக்கும் 25 சதவீதமே போகும். எனவே வரிசையை நடுவில் செருகுங்கள், அப்போது `$A$2:$C$7` தானாகவே `$A$2:$C$8` ஆகும். ஆனால் செருகிய இடத்துக்கு அடுத்த C செல் புதிய வரிசையைத் தாண்டிப் பழைய வரிசையையே பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் C3-ஐ மறுபடி கடைசி வரை இழுத்துவிட வேண்டும்.

எந்த முறையாக இருந்தாலும் இப்போது ஒரு சோதனை செய்கிறேன். ஒவ்வொரு எல்லையையும், அதோடு ஒரு ரூபாய் கூட்டியதையும் வருமானமாகப் போட்டு G பத்தியைப் பார்ப்பேன். 12,00,000-க்கும் 12,00,001-க்கும் வரி வித்தியாசம் காசுக்கணக்கில்தான் இருக்க வேண்டும். என் பழைய தாளில் இதைச் செய்திருந்தால் 80,000-இலிருந்து 90,000-க்கு ஒரே தாவாகத் தாவியது அன்றைக்கே தெரிந்திருக்கும். பேராசிரியர் வரை போயிருக்காது.

மூன்றாவதாக SUMPRODUCT. D பத்தியில் முந்தைய ஸ்லாப்பைவிட விகிதம் எவ்வளவு கூடுகிறது என்பதை வைத்துக்கொண்டால் ஃபார்முலா இன்னும் குட்டி:

```
=SUMPRODUCT((F2>$A$2:$A$8)*(F2-$A$2:$A$8)*$D$2:$D$8)
```

2025-26 ஸ்லாப்பில் D2 சைபர், மற்ற ஆறும் 5%. 14,25,000-க்கு இதிலும் 93,750-தான். C பத்தியே தேவையில்லை என்பது உண்மையிலேயே நல்ல விஷயம். இதை நான் சரிபார்க்க மட்டும்தான் பயன்படுத்தினேன், முழு வருடம் ஓட்டியதில்லை. ஒருவர் வந்து “எனக்கு எப்படி இவ்வளவு?” என்று கேட்டால், VLOOKUP அட்டவணையில் அவருடைய வரிசையைத் தொட்டுக் காட்டி “இதுவரை 60,000, மீதிக்கு 15 சதவீதம்” என்று சொல்லிவிடலாம். SUMPRODUCT-இல் அப்படிச் சொல்ல வழியில்லை. XLOOKUP எங்கள் அலுவலக எக்செல் 2016-இல் கிடையாது, அதனால் அதைப் பற்றி அனுபவம் இல்லை.

12 லட்சம் வரைக்குமான தள்ளுபடியை அட்டவணைக்குள் திணிக்க வேண்டாம். அது ஸ்லாப் அல்ல. H2-இல் தனியாக வையுங்கள்:

```
=MAX(0,MIN(G2,F2-1200000))
```

12 லட்சம் வரை இது சைபர் தரும். 12,30,000-க்கு ஸ்லாப் வரி 64,500 வந்தாலும், கூடுதல் வருமானமான 30,000-க்கு மேல் வாங்கக் கூடாது என்ற விளிம்பு நிவாரணத்தால் 30,000-இல் நிற்கும். செஸ் போடுவது இந்த H2-க்குத்தான், 31,200 ஆகும். வருமானம் சுமார் 12,70,588-ஐத் தாண்டினால் G2-உம் H2-உம் ஒன்றாகிவிடும். இது புதிய வரி முறையில், சம்பளம் மட்டும் உள்ளவருக்கு. பங்கு விற்ற லாபம் போலத் தனி விகிதம் உள்ள வருமானத்தை F2-இல் சேர்க்காதீர்கள். 50 லட்சத்துக்கு மேல் வரும் சர்சார்ஜும் இந்தத் தாளில் இல்லை, எங்கள் கல்லூரியில் அந்தச் சம்பளத்தில் யாரும் இல்லாததால் அதை நான் கட்டிப் பார்த்ததில்லை.