மூன்று ‘யூஸ்டு டு’: சுய அறிமுகத்தில் எதை எங்கே சொல்வது?

நேர்காணலில் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றதும் பலர் வாயில் வருவது: "ஐ யூஸ்டு டு கெட் அப் அட் ஃபைவ்." தினமும் ஐந்து மணிக்கு எழுகிறேன் என்று சொன்னதாக நினைப்பு. கேட்பவர் புரிந்துகொள்வதோ, முன்பு எழுவார், இப்போது எழுவதில்லை என்று. வில்லங்கம் நம் ‘வழக்கம்’ என்ற சொல்லில் இருக்கிறது. "எழுவது வழக்கம்" என்பது இன்றைக்கும் பொருந்தும். யூஸ்டு டு என்பதோ பொதுவாக விட்டுப்போன வழக்கத்துக்குத்தான். இன்றும் தொடர்கிறதென்றால் "ஐ யூஷுவலி கெட் அப் அட் ஃபைவ்" போதும்.

இன்னொன்று: ஆண்டுக்கணக்கைச் சேர்த்தால் இது ஒட்டாது. "ஐ யூஸ்டு டு ஒர்க் தேர் ஃபார் த்ரீ இயர்ஸ்" தவறு. "ஐ ஒர்க்டு தேர் ஃபார் த்ரீ இயர்ஸ்" சரி.

முன்னால் ‘ஆம்’ வந்துவிட்டால் கதையே மாறும். "ஐ ஆம் யூஸ்டு டு நைட் ஷிஃப்ட்ஸ்" என்றால் எனக்கு இரவுப் பணி பழகிப்போன ஒன்று. இங்கே ‘டு’வுக்குப் பின் பெயர்ச்சொல்லோ ‘இங்’ வடிவமோதான் வர வேண்டும்: "ஐ ஆம் யூஸ்டு டு ஒர்க்கிங் அட் நைட்." ‘ஒர்க்’ என்று நிறுத்தினால், "திஸ் கீ இஸ் யூஸ்டு டு ஓபன் த டோர்" என்ற வகைக்குப் போய்விடும், அதாவது, ஒரு வேலைக்குப் பயன்படும் கருவி நீங்கள்! சந்தேகம் வந்தால் ‘டு’வுக்குப் பின் ‘இட்’ போட்டுப் பாருங்கள். "ஐ ஆம் யூஸ்டு டு இட்" பொருள் தருகிறது. "ஐ யூஸ்டு டு இட்" தராது, ஏனென்றால் அங்கே வினைச்சொல்தான் வர வேண்டும்.

‘கெட்’ சேர்ந்தால் பழகும் போக்கைச் சொல்கிறது. "ஐ ஆம் கெட்டிங் யூஸ்டு டு" என்றால் இன்னும் முழுதாகப் பழகவில்லை. வேலைக்கு அவசியமான திறமைக்கு இதைச் சொன்னால் நீங்களே உங்கள் மதிப்பெண்ணைக் குறைத்துக்கொள்கிறீர்கள். புது ஊருக்குச் சொன்னால் இயல்பாக இருக்கும்.

மதுரையில் ஜவுளிக்கடை பில்லிங்கில் இருந்துவிட்டு, சென்னைக்கு வந்து இரவுப் பணிக்கு விண்ணப்பிப்பவர் இப்படிச் சொல்லலாம்:

"ஐ ஆம் ஃப்ரம் மதுரை. ஐ ஒர்க்டு இன் எ டெக்ஸ்டைல் ஷாப் ஃபார் த்ரீ இயர்ஸ். ஐ யூஸ்டு டு ஹேண்டில் த பில்லிங் கவுண்டர். சோ ஐ ஆம் யூஸ்டு டு டீலிங் வித் ஆங்க்ரி கஸ்டமர்ஸ். ஐ மூவ்டு டு சென்னை லாஸ்ட் மந்த், அண்ட் ஐ ஆம் கெட்டிங் யூஸ்டு டு த சிட்டி."

கவுண்டர் வேலை முடிந்துவிட்டது, கோபக்கார வாடிக்கையாளரைச் சமாளிக்கும் பழக்கம் கையில் இருக்கிறது, ஊர் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறது. மூன்றும் அதனதன் இடத்தில். இரவுப் பணி இவருக்குப் புதிது என்பதால் "ஐ ஆம் யூஸ்டு டு நைட் ஷிஃப்ட்ஸ்" என்று அடித்துவிடக் கூடாது; அடுத்த கேள்வி "எங்கே பார்த்தீர்கள்?" என்றுதான் வரும். "ஐ கேன் கெட் யூஸ்டு டு நைட் ஷிஃப்ட்ஸ் குவிக்லி" என்றால் பொய்யுமில்லை, தயக்கமுமில்லை.